மெயிலில் வந்த கரண்ட் பில்லை மறந்துடுறீங்களா? ஜிமெயிலிலேயே இருக்கு வழி!
கரண்ட் பில் மெயில் வந்திருக்கு. கடைசி நாள் 20-ம் தேதி. 'அப்புறம் கட்டிக்கலாம்'னு விட்டால், புது மெயில்கள் அதைக் கீழே தள்ளிவிடும்.

கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து, மேலே உள்ள Add to Tasks-ஐ அழுத்துங்க. போனில் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கும். மெயிலின் தலைப்பே டாஸ்க்கின் பெயராக வரும். அதை 'கரண்ட் பில் கட்டணும்' என மாற்றிக்கோங்க.

அடுத்து தேதி. மெயிலில் உள்ள கடைசி நாள் தானாக டாஸ்க்கில் ஏறாது, நீங்கதான் போடணும். 18-ம் தேதி என்று போட்டால், பேமெண்ட் சொதப்பினாலும் இரண்டு நாள் கையில் இருக்கும். தேதி போட்ட டாஸ்க் கூகுள் காலண்டரிலும் தெரியும்.

டாஸ்க்கில் அந்த மெயிலுக்கான லிங்க்கும் இருக்கும். அதனால் மெயிலை ஆர்கைவ் செய்யலாம்; ஆனால் டெலிட் பண்ணாதீங்க. 30 நாளில் ட்ராஷிலிருந்தும் அழிந்துவிடும், லிங்க்கைத் தொட்டாலும் பில் கிடைக்காது.