கீழா, மாடியா, மாலா?

நம் ஊர்க் கடைத்தெருக்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்கள் சலூன் தரைத்தளத்தில் இருக்கும். நாற்காலி காலியா, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது பைக்கை நிறுத்தாமலே தெரியும். பெண்களுக்கான பியூட்டி பார்லரோ பல இடங்களில் மாடியில் இருக்கும். கீழே படிக்கட்டு வாசலில் ஒரு போர்டு மட்டும் தொங்கும். வாடகை மிச்சம் என்பது இதற்குப் பாதிக் காரணம்தான். முடி வெட்டுவது போகிற வழியில் முடிவாகிற வேலை. ஃபேஷியலுக்கு வருகிறவர் யாரோ சொல்லி, போன் செய்து, நேரம் கேட்டுக்கொண்டு வருகிறார். முகத்தில் பிளீச்சோடு உட்கார்ந்திருப்பதைத் தெருவே பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதும் இல்லை.

கடை வாடகையில் பெரும்பங்கு கண்ணில் படுவதற்கான விலை. நம்மை யார் கண்ணில் பட வைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிட முடியும்.

பார்லர்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு பெண் சொந்தமாகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் வாடகை மாறும், இது உதாரணம்தான். தெருவைப் பார்த்த தரைத்தளக் கடை மாதம் 25,000 ரூபாய். அதே தெருவில் முதல் மாடி, இடமும் கொஞ்சம் பெரியது, 13,000. உதவிக்கு ஒரு பெண்ணின் சம்பளம் 14,000, கரண்ட் 6,000 என்பது இரண்டுக்கும் பொது. சராசரி பில் 500 ரூபாய். கிரீம், வேக்ஸ், டிஷ்யூ என்று 75 போனால் கையில் நிற்பது 425. மாடியில் மாதச் செலவு 33,000. அதை எடுக்க 78 பேர் வர வேண்டும். கீழே 45,000, அதற்கு 106 பேர். வித்தியாசம் 28 பேர், அதாவது நாளுக்கு ஏறத்தாழ ஒருவர்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தெருவில் இருக்கிற ஒரே காரணத்துக்காக, நம்மை முன்பின் தெரியாத ஒரு பெண் தினமும் உள்ளே வருவாரா? பக்கத்தில் பெண்கள் கல்லூரியோ ஜவுளிக்கடைகளோ பேருந்து நிறுத்தமோ இருந்தால் வருவார். ரோட்டுக்கு நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண்ணில் பட்டாலும் கடந்து வர மாட்டார்கள். பழைய பார்லரிலிருந்து தேடி வருகிறவர்கள் முப்பது நாற்பது பேர் இருந்தால், என் ஓட்டு மாடிக்குத்தான். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற ஊர் என்றால் அதிலேயே 1,20,000 ரூபாய் கையில் மிஞ்சும். கூட்டம் சேராத முதல் சில மாதங்களை அந்தப் பணம் தாங்கும்.

இதே கணக்கை ஆண்கள் சலூனுக்குப் போட்டால் விடை வேறு. முடிவெட்டு 150 ரூபாய். வேலை செய்கிறவருக்குப் பாதி, பிளேடு, பவுடர் போக 70 நிற்கும். 12,000 ரூபாய் அதிக வாடகையை எடுக்க மாதம் 171 பேர் கூடுதலாக வர வேண்டும். செவ்வாய் விடுமுறையைக் கழித்தால் நாளுக்கு ஆறேழு பேர். பெரிய எண்தான். ஆனாலும் நடமாட்டமுள்ள தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். ஷேவிங்குக்காக மாடி ஏறுகிறவரை நான் பார்த்ததில்லை.

மால் கியாஸ்க் தனி உலகம். நடைபாதை நடுவே நிற்கும் அந்த மேடைக்குப் பெரும்பாலும் தண்ணீர் இணைப்பும் கிடையாது, கழிவு நீர்க் குழாயும் கிடையாது. எனவே ஹேர் வாஷ், டை, ஃபேஷியல் எல்லாம் போயிற்று. மிஞ்சுவது ஐப்ரோ த்ரெட்டிங், நெயில் ஆர்ட், மெஹந்தி. பின்னால் இருக்கும் கடைகளை மறைக்கக் கூடாது என்று உயரத்துக்கும் கட்டுப்பாடு வைப்பார்கள். திரை போட வழியில்லை.

வாடகை 40,000, பராமரிப்பு 6,000 என்றால் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 54,280 ஆகிவிடும். இந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான ஜிஎஸ்டியை 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் வாடகைக்கும் பொருளுக்கும் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளும் வசதி இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவே எடுக்காதவர்களுக்கும் இதே கதிதான். நீங்களும் ஜிஎஸ்டி பதிவு எடுக்காமல், சின்னத் தெருவில் ஜிஎஸ்டி எண் இல்லாத ஓனரிடம் கடை எடுத்தால் இந்தச் செலவே வராது.

மால் காலை பத்து மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடினால் கியாஸ்க்கும் அப்படியே, ஒருவரால் முடியாது. இரண்டு பேருக்கு 30,000 சம்பளம், சில்லறைச் செலவு 3,000 சேர்த்தால் மாதம் 87,000 வரும். சராசரி பில் 150 என்றால் 580 பேர் வேண்டும். எட்டு சனி, ஞாயிறுகளில் நாளுக்கு நாற்பது பேர் வந்தாலும், மற்ற 22 நாளும் தினம் பன்னிரண்டு பேர் வந்தாக வேண்டும். உரிமையாளரின் சம்பளம் இதில் இன்னும் சேரவில்லை. முடிவெடுக்கும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த இடத்தில் இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தைக் காட்டி இடம் பிடித்துத் தருவதில் புரோக்கர்கள் கெட்டிக்காரர்கள்.

மாடி என்று முடிவெடுத்தவர்கள் வாடகையைவிடக் குழாயைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். தலை அலசும் பேசினிலிருந்து தண்ணீர் தேங்காமல் போகப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு வேண்டும். கழிவறைக் குழாய் பின்சுவரில் இருக்க, பேசினை இருபதடி தள்ளி முன்பக்கம் வைத்தால் தரையை ஆறு அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால்தான் சரிவு கிடைக்கும். சரிவு குறைந்தால் முடி தேங்கும். அடைத்து, கசிந்து, கீழ்க் கடையின் மேற்கூரையில் ஈரத்திட்டாகத் தெரியும். அதுவே ஜவுளிக்கடையாக இருந்தால் நஷ்டஈடு கேட்டு மேலே வருவார்கள். எனவே பேசினைக் குழாய்ப் பக்கத்துச் சுவரோடு வையுங்கள். திறந்து சுத்தம் செய்யும்படி முடி பிடிக்கும் வலையும் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் வரத்திலும் மாடிக்கு ஒரு சிக்கல் உண்டு. டேங்க் தலைக்கு மேலேயே இருந்தால் உயரம் போதாமல் வேகம் குறையும். குழாயைத் திறந்து பதினைந்து லிட்டர் வாளியைப் பிடியுங்கள். நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் ஷவரில் டை அலசி முடியாது. சின்ன பிரஷர் பம்ப் ஒன்றை பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

படிக்கட்டை இரவு ஏழரை மணிக்குப் போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, கீழே ஆண்கள் கூட்டமாக நிற்கிற கடை இருக்கிறதா, வீட்டு ஓனர் எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முகூர்த்த நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு அலங்காரத்துக்கு வரும் மணப்பெண்ணுக்காக, அந்தக் கேட்டுச் சாவி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். இ.பி. இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் வணிகக் கட்டணத்துக்கு மாற்றித் தரும்படி ஓனரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஏசி, கீசர், ஹேர் டிரையர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் பழைய வீட்டு ஒயரிங் தாங்காது.

கடைசியாக ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பல ஓனர்கள் பதினோரு மாதத்தோடு நிறுத்துகிறார்கள். பேசினுக்கும் டைல்ஸுக்கும் ஒயரிங்குக்கும் இரண்டு லட்சம் போட்டால் அதில் பெரும்பாலானதைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. பதினோரு மாதத்தில் காலி செய்யச் சொன்னால் மாதத்துக்கு 18,000 ரூபாய் சுவரில் பூசிவிட்டு வந்ததாக அர்த்தம். மூன்று ஆண்டு ஒப்பந்தம் கேளுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு வாடகை கூடும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். பதிவுச் செலவை நீங்களே ஏற்பதாகச் சொன்னால் பாதி ஓனர்கள் சம்மதித்துவிடுவார்கள்.