குளிர்காலத்து வேலையைப் பறித்த இயந்திரம்

தொழிற்புரட்சியைக் கற்பிக்கும்போது ஆலைகளையும் நீராவி எஞ்சினையும் விரிவாகப் பேசுகிறோம். அதே காலத்தில் வயலில் நடந்த மாற்றம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. இயந்திரம் வேலையைக் குறைத்தது என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த மாதத்து வேலையை, யாருடைய வேலையைக் குறைத்தது என்றும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் கோதுமை அறுவடை கோடையின் முடிவில் நடக்கும். கதிரடிப்பு குளிர்காலம் முழுவதும் நீடிக்கும். தோல்வாரால் இணைத்த இரண்டு கோல்களைச் சுழற்றி, கொட்டகைத் தரையில் பரப்பிய கதிர்களை ஆண்கள் அடிப்பார்கள். வயலில் வேறு வேலை இல்லாத மாதங்களில் கூலிக் குடும்பங்களைக் காத்தது இந்த வேலைதான்.

1786ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதில் சட்டங்கள் பொருத்திய உருளை வேகமாகச் சுழலும். உருளைக்கும் வளைந்த தகட்டுக்கும் இடையே நுழையும் கதிரிலிருந்து மணிகள் உதிரும். உருளையைச் சுற்றக் குதிரைகள் போதும். கதிர்களை ஊட்டவும் வைக்கோலை அகற்றவும் குறைந்த கூலிக்குப் பெண்களையும் சிறுவர்களையும் அமர்த்தலாம். பல வாரங்களுக்கு நீண்ட வேலை சில நாட்களில் முடிந்தது.

தென் இங்கிலாந்தின் கிராமங்களில் அப்போது ஆட்கள் மிகுதி, கூலியோ குறைவு. வேலையிழந்தவர்கள் ஊர் வரிப்பணத்தில் தரப்பட்ட ஏழை உதவியை நம்பி வாழ்ந்தனர். 1830 ஆகஸ்ட் இறுதியில் கென்ட் மாவட்டத்தில் தொழிலாளர்கள் ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்தனர். 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் பண்ணையாளர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. கலகம் பல மாவட்டங்களுக்குப் பரவி, நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் நொறுங்கின. அரசு 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. ஆனாலும் கலகம் முழுத் தோல்வி அல்ல. அச்சத்தால் பல பண்ணையாளர்கள் சில காலம் இயந்திரத்தைக் கைவிட்டனர்.

அடுத்த ஆண்டே, 1831இல், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சைரஸ் மெக்கார்மிக் தம் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். குதிரை இழுக்க, பற்களுடைய வெட்டுப்பட்டை பக்கவாட்டில் முன்னும் பின்னும் அசைந்து தாளை அறுத்தது. அறுத்த கதிர்களை அள்ளிக் கட்ட அப்போதும் ஆட்கள் தேவைப்பட்டனர். அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் நிலம் மிகுதி, ஆட்கள் குறைவு. முற்றிய கோதுமையைச் சில நாட்களுக்குள் அறுக்காவிட்டால் மணிகள் உதிர்ந்துவிடும். எத்தனை ஏக்கர் அறுக்க முடியுமோ அத்தனை ஏக்கரே விதைக்க முடியும் என்ற தடையை இந்த இயந்திரம் தளர்த்தியது. அது பரவத் தொடங்கிய காலத்தில் அங்கு இங்கிலாந்தில் நடந்ததைப் போன்ற கலகம் எழவில்லை.

இங்கிலாந்திலும் அறுவடை இயந்திரம் 1850களுக்குப் பின்னரே மெல்லப் பரவியது. அதற்குள் பலர் நகரங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் போய்விட்டதால் அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாகியிருந்தது.

வகுப்பில் பன்னிரண்டு மாதங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒரு கூலிக் குடும்பத்தின் வேலைகளை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு கதிரடிப்பை மட்டும் அழியுங்கள். 1830இல் அவர்கள் ஏன் இயந்திரத்தின் மீது பாய்ந்தார்கள் என்பதை அந்த வெற்றுக் கட்டங்களே மாணவர்களுக்குச் சொல்லும்.