கண்ணுக்குக் கீழே ஒரு ரகசியக் கதவு!

செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு வாங்க. ஆபரேஷன் தியேட்டருக்குள் ஒரு எட்டு பார்த்துவிடலாம்!

மேஜையில் 12 வயதுப் பையன் ஒருவன் படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேற்று கபடியில் இடது கண்ணில் முழங்கை இடித்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றுமே இல்லை, விழி சிவக்கக்கூட இல்லை. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் வலது கண் ஜம்மென்று ஏறுகிறது, இடது கண் பாதியிலேயே நின்றுவிடுகிறது. "ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு ஃபேன் தெரியுது டாக்டர்" என்றான். வாந்தி வேறு. தலையில்தான் அடியோ என்று வீட்டில் நடுங்கிப்போனார்கள்.

குட்டை உடைத்தது சி.டி. ஸ்கேன். கண்குழியின் தளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய எலும்பு. அதற்குக் கீழே காற்று நிறைந்த சைனஸ் அறை. பெரியவர்களுக்கு அந்த எலும்பு நொறுங்கிவிடும். பிள்ளைகளின் எலும்பு வளையும். அடி விழுந்ததும் கதவுபோலக் கீழே திறந்து, அடுத்த நொடியே படக்கென்று மூடிக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்டது, விழியைக் கீழே இழுக்கும் தசை! அது நீண்டு கொடுத்தால்தானே விழி மேலே போகும்?

மாட்டிய தசைக்கு ரத்தம் போகாவிட்டால் அது நிரந்தரமாகச் சுருங்கிவிடும். அதனால்தான் ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை.

இதோ, மயக்கம் கொடுத்தாயிற்று. டாக்டர் சின்ன இடுக்கியால் விழியைப் பிடித்து மேலே சுழற்றுகிறார். ஊஹும், அசையவில்லை. கீழிமையின் உள்பக்கமாகக் கத்தி போகிறது. முகத்தில் தழும்பே தெரியாது! தசையைத் தொட்டு இழுத்ததும் மானிட்டரின் 'பீப் பீப்' மெதுவாகிறது. விழித்தசையை இழுத்தால் நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறையும். வாந்திக்கும் இந்த நரம்புத் தொடர்புதான் காரணம். மயக்க மருத்துவர் அட்ரோபின் ஊசியோடு தயார். டாக்டர் கையை நிறுத்த, துடிப்பு மீள்கிறது. எலும்பை விலக்கித் தசையை விடுவித்து, விரிசலின்மேல் மெல்லிய தகடு ஒன்றை வைக்கிறார். மறுபடியும் இடுக்கி. இந்த முறை விழி வழுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது!

எல்லோருக்கும் இந்த அவசரம் இல்லை. குத்து வாங்கியோ வழுக்கி விழுந்தோ வரும் பெரியவர்களில் பலருக்கு வீக்கம்தான் இரட்டைப் பார்வையைத் தரும். சில நாளில் வடிந்துவிடும். தசை மாட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்து இரட்டைப் பார்வையும் விலகாவிட்டால், கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கினால், அல்லது தளத்தில் பாதிக்கு மேல் உடைந்திருந்தால், பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யச் சொல்வார்கள். அதுவரை மூக்கைப் பலமாகச் சிந்தவே கூடாது. சைனஸ் காற்று கண்குழிக்குள் ஏறிவிடும்.

நம் பையனுக்கு நாளைக்கே ஒற்றை ஃபேன் தெரிந்துவிடாது. நசுங்கிய தசை தேற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். கபடி அதற்கப்புறம்தான்!