இரண்டாவது முறையும் ஏன் குளுக்கோஸ் தண்ணீர்?

கர்ப்பத்தில் தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. சிவப்பணுக்களைவிட நீர்ப்பகுதியே அதிகம் பெருகுவதால் ஹீமோகுளோபின் எண் சற்றுக் குறைந்து தெரியும்.

சர்க்கரையின் கதை வேறு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. அதனால் குழந்தைக்குக் குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறும். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. ஆகவே சிசு தானே அதிக இன்சுலின் சுரந்து அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தாய்க்கோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. பரிசோதித்தால்தான் தெரியும்.

இந்தியாவில் பின்பற்றப்படும் எளிய முறையைப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் செய்யும் சோதனை பிடிக்கும் சிலரை இது தவறவிடலாம் என்பது உண்மை. ஆனால் தொலைவிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணைப் பட்டினி போடாதது பெரிய அனுகூலம்.

முதல் வருகையில் 118 காட்டிய ஒருவருக்கு 26-ஆம் வாரத்தில் 156 வரலாம். ஹார்மோன்கள் அப்போதுதான் வலுக்கின்றன; 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி சோதிப்பது அதற்காகவே. அவருக்கு முதலில் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடும் நடையும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால் மருந்து தொடங்குவார்கள்.