நண்பரின் ‘பயோ’ கைக்கு வந்தால்

லிங்க்ட்இனில் ‘அறிமுகம்’ பகுதியின் முதல் சில வரிகள்தான் உடனே கண்ணில் படும். மீதியைப் பார்க்க ஒருமுறை தட்ட வேண்டும். ஆகவே நண்பர் வரைவைக் காட்டும்போது அந்த வரிகளை மட்டும் படித்து, திரையை மூடிவிட்டு, மனதில் நின்றதைச் சொல்வதே பயனுள்ள கருத்து.

“கடின உழைப்பாளி, கற்கும் ஆர்வமுள்ளவர்” என்று ஒரு கணக்காளர் எழுதினால் எதுவும் நிற்காது. “நல்லா இருக்கு” என்பது அவருக்கு உதவாது. “யாருக்குக் கணக்குப் பார்க்கிறே?” என்று கேட்டால் உதவும். “திருப்பூர்ல சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு” என்று பதில் வந்தால், முதல் வரி கிடைத்துவிட்டது. அதை அவரே எழுதட்டும். பிறர் எழுதினால் குரல் மாறிவிடும்.

கருத்தைக் கேட்பவர் உடனே விளக்கத் தொடங்கக் கூடாது. முகம் தெரியாத வாசகருக்கு அந்த விளக்கம் கிடைக்காதே! ஒருவரின் ரசனை மட்டும் என்றால் விட்டுவிடலாம். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த வரியை மாற்றியே ஆக வேண்டும்.