கூரை மின்சாரமும் சான்றுப் பத்திரமும்

கூரைமேல் சூரிய மின்தகடு அமைத்தவர், அம்மின்சாரத்தின் பேரில் சான்று பெற்று விற்கக்கூடுமா? இதற்குத் தெளிவான விடையளிப்பது ஆஸ்திரேலியாவில் நடைமுறையிலுள்ள ஏற்பாடு.

அங்கே கூரைக்காரர் பெறுவது கார்பன் வரவு அன்று. கரியமில வாயு ஒரு டன் குறைந்ததென்று கணக்கிட்டுத் தணிக்கை செய்த பிறகே அவ்வரவு வழங்கப்படும். அதன் செலவு சிறு கூரையின் ஆதாயத்தை விழுங்கிவிடும். ஆகவே 100 கிலோவாட்டுக்கு மேற்படாத அமைப்புகளுக்கு வேறொரு சான்று உண்டு. ஒரு சான்று 1,000 யூனிட்டுக்குச் சமம். மீட்டரைப் பார்த்து ஆண்டுதோறும் எண்ணாமல், 2030 முடியும்வரை உண்டாகக்கூடிய மின்சாரத்தை மதிப்பிட்டு, எல்லாச் சான்றுகளையும் முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். மின்சார விற்பனையாளர்கள் இவற்றை வாங்கி அரசாங்கத்திற்கு ஒப்படைக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர்கள்.

உதாரணமாக, சிட்னி நகரில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டில் 1,382 யூனிட் என்பது மதிப்பு. 6.6 கிலோவாட் அமைப்பை 2026-ல் நிறுவினால் ஐந்தாண்டுக் கணக்கு: 6.6 × 1.382 × 5 = 45.6. பின்னத்தைத் தள்ளி 45 சான்றுகள். அதே அமைப்பு 2025-ல் நிறுவப்பட்டிருந்தால் ஆறாண்டுக் கணக்கில் 54 கிடைத்திருக்கும். டிசம்பரில் முடிய வேண்டிய வேலை ஜனவரிக்குத் தள்ளினால் ஓராண்டின் சான்றுகள் நஷ்டமாகும்.

அரசாங்கத் தீர்வு நிலையத்தில் ஒரு சான்றின் விலை 40 டாலர். ஆனால் வாங்குவோர் வரும்வரை அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆதலால் பெரும்பாலோர் பதிவுபெற்ற முகவருக்குச் சான்றுரிமையை எழுதிக்கொடுத்து, அமைப்பின் விலையிலேயே தள்ளுபடி பெறுகிறார்கள். தள்ளுபடித் தொகையைச் சான்றுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், முகவர் எவ்வளவு பிடித்துக்கொண்டார் என்பது விளங்கும்.

வேண்டிய தஸ்தாவேஜுகள் நான்கு: உரிமை மாற்றுப் படிவம், தகடு, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் மாதிரிப் பெயரும் தகடுகளின் வரிசை எண்களும், அங்கீகாரம் பெற்ற அமைப்பாளரின் கையெழுத்திட்ட வாக்குமூலம், மின் பாதுகாப்புச் சான்று. தகடும் இன்வெர்ட்டரும் நிறுவும் நாளில் அங்கீகாரப் பட்டியலில் இருத்தல் வேண்டும். நிறுவிய 12 மாதத்திற்குள் மனுச் செய்யாவிடில் உரிமை போய்விடும்.

பெரும்பாலும் பிசகு நேர்வது வரிசை எண்ணிலும் தேதியிலுமே. வேலை முடியுமுன் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடலாகாது. தகடுகளைக் கூரையேற்றுமுன் ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்து வைத்து, படிவத்தோடு ஒப்பிட்ட பின்னரே கையெழுத்திட்டு, ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.