தலவிலயில் சிக்னல், இத்தாலியில் வாசல்

ஆகஸ்ட் திருநாளுக்காக இத்தாலியிலிருந்து வந்த சின்னம்மா, தலவில புனித அன்னம்மாள் கோவில் வளவில் போனை என் கையில் தந்தார். "மகன், கோல் வருது, சிக்னலும் நிறைய இருக்கு. வட்ஸ்அப் மட்டும் சுத்திக்கொண்டே நிக்குது." போனின் மொழி இத்தாலியன். சிம்மும் அங்கத்தையது.

சிக்னல் நிறைந்திருந்தும் இணையம் வராதது ஏன் என்று பலர் குழம்புவார்கள். சிக்னல் தருவது நம் ஊர்க் கோபுரம். டேட்டாவோ பொதுவாகக் கொழும்பில் வெளியே போவதில்லை. உள்ளூர் நிறுவனம் அதை ஒரு குழாய்க்குள் விட்டதுபோல இத்தாலிக்கு அனுப்புகிறது. சிம் கொடுத்த நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் அது இணையத்துக்குள் நுழைகிறது. தலவில மணலில் நின்று கூகுளைத் திறந்தாலும் இத்தாலிய விளம்பரங்கள் வருவது இதனால்தான். அந்த வாசலின் பெயரே APN. உள்ளூர் வலையமைப்பு அந்தப் பெயரோடு சிம்மின் நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் சேர்த்து, வாசல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிறது.

முதலில் சிக்னல் கோடுகளின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். R இருந்தால், போன் வெளிநாட்டு வலையமைப்பில் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். அதோடு 4G அல்லது LTE தெரியாவிட்டால், பெரும்பாலும் குழாயே திறக்கவில்லை. சின்னம்மாவின் போனில் R மட்டும்தான் இருந்தது.

மொழி தெரியாத மெனுவில் பயப்பட ஒன்றுமில்லை. பல்சக்கரப் படத்தை அழுத்தி, வலையமைப்புப் பகுதிக்குள் சிம்மைத் தேடினேன். அங்கே Dati mobili என்ற சுவிட்ச் போட்டிருந்தது. அதற்குக் கீழே Roaming dati அணைந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. இலங்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே சுவிட்சைப் போடுமுன் வீட்டுக்குப் போய், வைஃபையில் அவரது நிறுவனத்தின் செயலியைத் திறந்து, இலங்கைக்கான பொதி இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. பொதியில்லாமல் இந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது. ஒரு வீடியோ போதும், பெரிய பில் வந்துவிடும். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள், எந்தச் சிம்முக்குரிய சுவிட்ச் அது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவிட்சைப் போட்டு, விமானப் படத்தை அழுத்தி அரை நிமிடம் கழித்து விடுவித்தேன். R வந்தது, 4G வரவில்லை. இனி APN தான் மிச்சம். எந்த மொழி மெனுவிலும் அந்த மூன்று எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இத்தாலியனில் பட்டியலின் தலைப்பு Nomi punti di accesso. அங்கே இரண்டு வரிகள் இருந்தன. தெரிவாகியிருந்த வரியில் dialogbb என்று எழுதியிருந்தது. "பக்கத்து வீட்டுப் பொடியன்தான் போட்டுத் தந்தவன்" என்றார் சின்னம்மா. அவன் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறான். ஆனால் dialogbb டயலொக் சிம்முக்குரிய வாசல். இத்தாலிய நிறுவனத்தின் பதிவேட்டில் சின்னம்மாவின் பெயருக்கு நேரே அந்த வாசல் இல்லை, ஆகவே கதவு திறக்காது. சென்னையிலிருந்து எயார்டெல் சிம்மோடு வருபவருக்கும் இங்கே airtelgprs.com தான் வேண்டும். சிம் எந்த நாட்டையதோ, வாசலும் அந்த நாட்டையது.

பழைய வரியைத் தெரிந்தெடுத்ததும் 4G தெரிந்தது. அந்த வரி அழிந்து போயிருந்தால், மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் தெரிவு இருக்கும். கையால் எழுத நேர்ந்தால், நிறுவனம் சொன்ன பெயரை இடைவெளி விடாமல் எழுதி, அதே மூன்று புள்ளிகளுக்குள் சேமிக்க வேண்டும். MCC, MNC என்ற இரு கட்டங்களைத் தொடாதீர்கள். அவை சிம்மின் நாட்டு எண்ணும் நிறுவன எண்ணும். இத்தாலிக்கு MCC 222. இலங்கையில் நிற்கிறோம் என்று 413 போட்டால், சேமித்த வரி பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். போன் தன் சிம்முக்குப் பொருந்தும் வரிகளை மட்டுமே காட்டும்.

அன்று பின்னேரம் சின்னம்மா மறுபடி வந்தார். 4G இருக்கிறது, படம் போகவில்லை. இது வேறு கோளாறு. குழாய் திறந்திருக்கிறது, பொதி முடிந்திருக்கலாம், அல்லது கோபுரத்தில் நெரிசல். பொதியில் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நின்ற உள்ளூர் சிம்காரரின் போனைப் பார்த்தோம், அதிலும் அதே நிலைமை. திருநாள் சனம் முழுவதும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது எந்தச் சுவிட்சாலும் பயனில்லை. இரவு பத்து மணிக்குமேல் படங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.